ஒரே பெட்ஷீட், நான்கு விலை

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அந்த ஊரில் இப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. பெட்ஷீட், டர்க்கி டவல், பவானி ஜமுக்காளம், லாட்ஜுகளுக்குப் போகும் வெள்ளைத் துண்டு என்று தொள்ளாயிரம் உருப்படிகள். வாங்குகிறவர்கள் நானூறு பேர். இதுவரை ஆர்டர் எல்லாம் தொலைபேசியிலும் வாட்ஸாப்பிலும் வந்துகொண்டிருந்தது. மகன் படித்துவிட்டு வந்து, "ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கலாங்கப்பா" என்கிறான். அப்பா கேட்கும் முதல் கேள்வி இது: "ரேட்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடாதா?"

நியாயமான பயம்தான். கடையில் ஒரு டபுள் பெட்ஷீட்டுக்கு லிஸ்ட் ரேட் 600 ரூபாய். சில்லறைக் கடைக்காரருக்கு பத்து சதவீதம் லெஸ் போட்டு 540. மதுரையிலும் திருச்சியிலும் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதினெட்டு சதவீதம் லெஸ், ஆக 492. யாராக இருந்தாலும் ஒரே ஆர்டரில் நூறு பீஸுக்கு மேல் எடுத்தால் 510. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு எண் தெரியாது, மாடு மட்டும் தெரியும். மொத்த வியாபாரமும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. சரக்கு எல்லாருக்கும் தெரியும், ரேட்டு அந்தந்தப் பார்ட்டிக்கு மட்டும். அந்தத் துண்டை இணையத்தில் எப்படி விரிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வழி எளிதாகத்தான் தோன்றும். வாங்குகிறவர்களைக் குழுக்களாகப் பிரி. குழுவுக்கு ஒரு விலை வை. லாகின் செய்தவர் எந்தக் குழுவோ அந்த விலையைக் காட்டு. மொத்த விற்பனைக்கு உதவும் மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி ஏதோ ஒரு வடிவில் உண்டு. மஜென்டோவை நிறுவியதுமே நான்கு குழுக்கள் தயாராக இருக்கும்: `NOT LOGGED IN`, `General`, `Wholesale`, `Retailer`. லாகின் செய்யாமல் வந்து பார்ப்பவரையும் ஒரு குழுவாகவே அது எண்ணுகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல யோசனை அது. முன்பின் தெரியாதவருக்கு எதைக் காட்டுவது என்று முடிவெடுக்க மறந்துபோகும் கடைக்காரரை, அந்த முதல் வரி மறக்க விடாது.

நம் ஈரோட்டுக் கடையில் உட்கார்ந்து பிரித்தால், விலையோடு இன்னொன்றும் சேர்ந்து வருவது தெரியும். லாட்ஜ்காரருக்குப் பூப்போட்ட பெட்ஷீட் வேண்டாம். அவருக்கு வெள்ளையும் கோடு போட்டதும் மட்டும் தெரிந்தால் போதும். தொள்ளாயிரத்தையும் காட்டினால் ஆர்டர் போடவே மாட்டார். சென்னையில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய ஜவுளிக் கடை, தன் லோகோ போட்ட டவலை இங்கே நெய்து வாங்குகிறது. அது மற்ற யார் கண்ணிலும் படக்கூடாது. அடுத்த தீபாவளிக்கு வரும் டிசைனை டிஸ்ட்ரிபியூட்டர் இப்போதே பார்க்கலாம், சில்லறைக் கடை இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆக, கேள்விகள் இரண்டு. இவர் எந்தச் சரக்கைப் பார்க்கலாம்? பார்ப்பதை என்ன விலைக்கு வாங்கலாம்? இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பல கடைகள் சிக்கிக்கொள்கின்றன. விலைப் படிகள் மூன்று, சரக்கு வகைகள் நான்கு என்றால், இரண்டையும் ஒரே குழுவுக்குள் அடைக்கும்போது பன்னிரண்டு குழுக்கள் தேவைப்படும். பிறகு கோவைக்காரர் ஒருவர் கூடுதலாக இரண்டு சதவீதம் கேட்பார், அவருக்கென்று ஒரு குழு. அவருடைய மைத்துனர் கடைக்கு இன்னொன்று. இரண்டு வருடம் போனால் அறுபது குழுக்கள் நிற்கும், எது எதற்கென்று மகனுக்கே ஞாபகம் இருக்காது. மென்பொருளுக்கும் அது சுமைதான். மஜென்டோ ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் விலையை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. தொள்ளாயிரம் சரக்கு, அறுபது குழு என்றால் 54,000 வரிகள். லிஸ்ட் ரேட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

என் கணக்கில், இந்த அளவு கடைக்கு விலைக் குழு மூன்று போதும்: சில்லறை, டிஸ்ட்ரிபியூட்டர், லாட்ஜும் மருத்துவமனையும் சேர்ந்த ஒன்று. சரக்கைக் காட்டுவதைத் தனிப் பட்டியலாக வைத்து, அதை அந்தந்த வாடிக்கையாளருடன் இணைப்பது நல்லது. கோவைக்காரரின் இரண்டு சதவீதத்தை அவருடைய கணக்கில் தனிச் சலுகையாக எழுதலாம். மென்பொருள் அதற்கு இடம் தராவிட்டால், மாதக் கடைசியில் கிரெடிட் நோட் போட்டு நேர்செய்துவிடலாம். அதற்காக ஒரு குழுவைப் பிறப்பிக்க வேண்டியதில்லை.

இனி விலைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்துக்கு வருவோம்.

தீபாவளி நெருங்குகிறது. சில்லறைக் கடைகளிடம் சரக்கைத் தள்ள வேண்டும் என்று அப்பா நினைக்கிறார். பெட்ஷீட்டின் பக்கத்தைத் திறந்து, சிறப்பு விலை என்ற பெட்டியில் 480 என்று போட்டு, தேதியையும் குறிக்கச் சொல்கிறார். மகன் போடுகிறான். மறுநாள் காலை மதுரை டிஸ்ட்ரிபியூட்டரின் போன்.

"என்னண்ணே இது? எங்கிட்ட போன வாரம்தான் 492க்கு ஆயிரம் பீஸ் இறக்குனீங்க. நான் 515னு கடைக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு என் கடைக்காரன் போனைத் திறந்து காட்டுறான், 480ன்னு இருக்கு. நான் இந்தச் சரக்கை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மென்பொருள் பழுதாகவில்லை. அது தன் விதிப்படிதான் நடந்தது. மஜென்டோவில் சரக்கின் பக்கத்தில் இருக்கும் சிறப்பு விலைக்குக் குழு கிடையாது, எல்லாருக்கும் பொருந்தும். லிஸ்ட் ரேட், குழு விலை, எண்ணிக்கைக்கேற்ற விலை, சிறப்பு விலை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது குறைவோ அதையே அது இறுதி விலையாக எடுத்துக்கொள்ளும். 600, 540, 510, 480 என்று வைத்தால் சில்லறைக்காரருக்கு 480. 600, 492, 510, 480 என்று வைத்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அதே 480. பதினெட்டு சதவீதம் என்று எழுதி வைத்த உறவு ஒரே இரவில் காணாமல் போய்விட்டது. ஷாப்பிஃபையிலும் கதை இதுதான். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு விலைப் பட்டியல் பொருந்தினால், குறைந்த விலையே திரையில் வரும்.

எல்லா மென்பொருளும் இப்படிக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. வூகாமர்ஸுக்கு மொத்த விலை வசதியைச் சேர்க்கத் தனித்தனிச் செருகுநிரல்கள் பல கிடைக்கின்றன. குழுவின் சதவீதத்தை லிஸ்ட் ரேட்டின் மேல் கழிக்கலாம். சிறப்பு விலையின் மேலும் கழிக்கலாம். இரண்டாவது வழியில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 480இல் பதினெட்டு சதவீதம் போய் 393 ரூபாய் 60 காசு வரும். அந்த பெட்ஷீட்டின் அடக்கம் 430 என்றால், ஒவ்வொரு பீஸுக்கும் முப்பத்தாறு ரூபாயைக் கையிலிருந்து போட்டு விற்கிறார் அப்பா. யாரும் போன் செய்து சண்டை போட மாட்டார்கள், சந்தோஷமாக ஆர்டர் போடுவார்கள். அதனால் இந்த இரண்டாவது தவறு முதலாவதைவிட ஆபத்தானது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போர்ட்டலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு சரக்கை எடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் 1 பீஸ், 99 பீஸ், 100 பீஸ் என்று மூன்று அளவுகளில், சிறப்பு விலை இருக்கும்போதும் இல்லாதபோதும் என்ன விலை வர வேண்டும் என்று அப்பாவே கையால் எழுத வேண்டும். பிறகு மகன் ஒவ்வொரு குழுவின் லாகினிலும் போய், அந்தச் சரக்கைக் கூடையில் போட்டு, திரையில் வருவதைத் தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. எந்த விலை வெல்லும் என்று மென்பொருளின் கையேட்டில் தேடுவதைவிட இது நிச்சயமானது. தீபாவளிச் சலுகையை எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்றால், சிறப்பு விலைப் பெட்டியை விட்டுவிட்டு, சில்லறைக் குழுவை மட்டும் தேர்ந்தெடுத்த ஒரு சலுகை விதியாக. அதற்கும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு பண்டிகை ரேட்டை, 450 என்று வைத்துக்கொள்வோம், அமைத்துவிட்டு. கையில் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கும் ஆயிரம் பீஸுக்கு என்ன செய்வது என்பதை மென்பொருள் சொல்லாது. அதைப் போனில்தான் பேசி முடிக்க வேண்டும்.

விலையைச் சரியாகக் கணக்கிட்டாயிற்று. மறைப்பது எங்கே நடக்கிறது என்பது அடுத்தது. பெரும்பாலான கசிவுகள் இங்கேதான்.

லாகின் செய்யாதவருக்கு விலை தெரியக்கூடாது என்று ஒரு வடிவமைப்பாளரிடம் சொன்னால், அவர் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடக்கூடும். திரையில் விலை இருந்த இடம் வெறுமையாக இருக்கும். அப்பாவுக்குத் திருப்தி. ஆனால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால், பிரவுசரில் `Ctrl+U` அழுத்தினாலே போதும், உள்ளே இப்படி ஒரு வரி கிடக்கும்:

```
<span class="price" style="display:none">₹492</span>
```

விலை கடைக்காரரின் சர்வரிலிருந்து கிளம்பி, பார்ப்பவரின் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. "இதைக் காட்டாதே" என்று அந்தப் போனிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் கூடவே வந்திருக்கிறது. தேடுபொறிகளுக்காகப் பக்கத்துக்குள் வைக்கப்படும் சரக்குக் குறிப்பிலும் `"price"` என்றொரு இடம் உண்டு. திரையில் மறைத்தவர் அதை மறந்தால், கூகுளில் தேடுபவருக்கு முடிவுப் பட்டியலிலேயே விலை தெரியக்கூடும். போட்டிக் கடைக்காரர் லாகின் கேட்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மறைப்பது என்றால் சர்வரே அந்த எண்ணை அனுப்பாமல் இருப்பது. இதில் பாதி வழி என்று ஒன்று கிடையாது.

சரக்கை மறைப்பதிலும் இதே கதைதான். வூகாமர்ஸில் ஒரு சரக்கின் தெரியும் நிலையை `Hidden` என்று வைக்கலாம். அந்தச் சொல்லை நம்பி, சென்னைக் கடையின் லோகோ டவலை அப்படி வைத்துவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. அது பட்டியலிலிருந்தும் தேடலிலிருந்தும்தான் சரக்கை எடுக்கும். முகவரி தெரிந்தவர் நேராக அந்தப் பக்கத்துக்குப் போனால் டவல் படத்தோடு திறக்கும். முகவரியை ஊகிப்பதும் சிரமமில்லை. பெரும்பாலும் சரக்கின் பெயர்தான் முகவரி.

அப்படி ஒருவர் நேராக வந்து தட்டினால் என்ன பதில் சொல்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று சொன்னால், அப்படி ஒன்று இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். லோகோ டவல் போன்ற ரகசியச் சரக்குக்கு, இல்லாத பக்கத்துக்கு வரும் அதே 404 பதில்தான் சரி. தீபாவளி டிசைன் போலக் கொஞ்ச நாளில் வெளிவரப் போவதற்கு, "லாகின் செய்யுங்கள்" என்று சொல்வதில் தவறில்லை. ஆர்வத்தைக் கிளப்பினால் வியாபாரத்துக்கு நல்லதுதானே.

திரையில் தெரிகிற கடைக்குப் பின்னால், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வாசல்களும் உண்டு. வூகாமர்ஸில் `/wp-json/wc/store/v1/products` என்ற முகவரி சரக்குப் பட்டியலை விலையோடு தரும். அதற்கு லாகின் தேவையில்லை. ஷாப்பிஃபை கடைகளில் `/products.json` அதே வேலையைச் செய்யும். மொத்த விலைக்கான நல்ல செருகுநிரல் இந்த வாசல்களிலும் காவல் நிற்கும். அரைகுறையானது முன்வாசலில் மட்டும் நிற்கும். எதை வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, கடையின் முகவரிக்குப் பின்னால் இதைத் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வடிகட்டியில் இருக்கும் ஓட்டை கொஞ்சம் வேடிக்கையானது. விலை எங்கேயும் இல்லை, மூலத்திலும் இல்லை, எல்லாம் சுத்தம். ஆனால் பக்கத்தின் ஓரத்தில் "விலை வரம்பு" என்று ஒரு நகர்த்தும் பட்டை அப்படியே இருக்கிறது. வந்தவர் 0 முதல் 1,000 வரை என்று இருப்பதை 500 முதல் 1,000 என்று குறுக்குகிறார். பெட்ஷீட் இன்னும் இருக்கிறது. 750 முதல் 1,000 என்கிறார், காணவில்லை. ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால், ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும் எந்த விலையையும் பத்தே முறையில் ரூபாய் சுத்தமாகப் பிடித்துவிடலாம். "குறைந்த விலை முதலில்" என்று வரிசைப்படுத்தும் வசதியும், எண்ணைச் சொல்லாமலே எது மலிவு, எது விலை கூடியது என்று காட்டிக்கொடுக்கும். விலையை மறைக்கிறவர் விலையால் ஓடும் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. குழு விலையைத் திரையில் மட்டும் மாற்றிக் காட்டும் செருகுநிரல்களில், வடிகட்டி பழைய லிஸ்ட் ரேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் "500க்குள்" என்று கேட்கிறார்; அவருக்கு 492 ஆன பெட்ஷீட் வருவதில்லை, ஏனென்றால் வடிகட்டியின் கணக்கில் அது இன்னும் 600. ரகசியம் ஒன்றும் கசியவில்லை, ஆனால் விற்க வேண்டிய சரக்கு கண்ணில் படவில்லை. பட்டியலின் தலையில் "142 சரக்குகள்" என்று எழுதியிருந்து, எண்ணிப் பார்த்தால் 97 மட்டும் இருப்பதும் இதே வகைதான். மீதி 45 யாருக்கு என்ற கேள்வி வாங்குகிறவர் மனதில் எழத்தான் செய்யும்.

எல்லாவற்றையும்விட விபரீதமானது கேஷ். பக்கங்கள் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஒரு முறை தயாரித்த பக்கத்தைச் சர்வர் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு அதையே கொடுக்கும். எல்லாருக்கும் ஒரே விலை உள்ள கடையில் இதனால் நன்மைதான். நம் கடையில் காலை ஆறு மணிக்கு மதுரை டிஸ்ட்ரிபியூட்டர் முதல் ஆளாக வந்து பெட்ஷீட் பக்கத்தைத் திறக்கிறார், 492 என்று பக்கம் தயாராகிறது, சேமிப்புக்குப் போகிறது. ஆறரைக்குத் திண்டுக்கல் சில்லறைக் கடைக்காரர் திறக்கிறார். அவருக்கும் 492. மஜென்டோ இதைத் தவிர்க்க `X-Magento-Vary` என்ற குக்கியில் குழுவின் அடையாளத்தை வைத்து, குழுவுக்கு ஒன்றாகப் பக்கங்களைத் தனித்தனியே சேமிக்கிறது. பிறகு யாரோ ஒருவர் வேகம் போதவில்லை என்று முன்னால் இன்னொரு சேமிப்புச் சேவையைப் போடுகிறார், அது அந்தக் குக்கியைக் கண்டுகொள்வதில்லை. மறுபடியும் முதல் நிலைக்கே வந்துவிடுகிறோம்.

கேஷ் கசிவை அடையாளம் காண ஒரு நல்ல குறி இருக்கிறது: அது நிலையாக இருக்காது. காலையில் தவறு, மதியம் சரி. ஒருவர் புகார் சொல்வார், நீங்கள் திறந்து பார்த்தால் ஒழுங்காக இருக்கும். கூடையில் போட்டதும் 540 ஆகிவிடும், ஏனென்றால் கூடை கேஷிலிருந்து வருவதில்லை. "பக்கத்தில் ஒரு விலை, கூடையில் ஒரு விலை" என்று யாராவது சொன்னால், முதல் சந்தேகம் அதன் மேல்தான் போக வேண்டும்.

கூடை என்றதும் இன்னொன்று. வாங்குகிறவரின் பிரவுசர் அனுப்பும் விலையைச் சர்வர் ஒருபோதும் நம்பக்கூடாது. எந்தச் சரக்கு, எத்தனை பீஸ் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, விலையைத் தானே மறுபடி கணக்கிட வேண்டும். ஆர்டரை உறுதிசெய்யும் நொடியில் இன்னொரு முறையும். இதற்கிடையில் அவருடைய குழு மாறியிருக்கலாம், அல்லது கூடையில் கிடந்த சரக்கே அவர் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது ஓசைப்படாமல் நீக்கிவிடாமல், "இந்தச் சரக்கு இப்போது உங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு நீக்குவதுதான் மரியாதை. பழைய ஆர்டரை அப்படியே திரும்பப் போடும் பொத்தானிலும் இந்தச் சோதனை தேவை. போன வருடச் சரக்கு பின்வாசல் வழியாக உள்ளே வரும் இடம் அது.

சரி, டிஸ்ட்ரிபியூட்டர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் டிஸ்ட்ரிபியூட்டர்தானா?

ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு, சரியாக இருந்தால் உடனே மொத்த விலைக் குழுவில் சேர்த்துவிடும் போர்ட்டலை யாரும் எளிதில் கட்டிவிடலாம். பதினைந்து எழுத்து, முதல் இரண்டும் மாநிலம் (தமிழ்நாடு என்றால் 33), அடுத்த பத்தும் பான் எண், கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க இது உதவும். ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். ஆனால் அந்த எண் வாசல்கதவின் சாவி கிடையாது. ஒவ்வொரு பில்லிலும் அதை அச்சிட்டே ஆக வேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு பில் கையில் இருந்தால், அந்தக் கடையின் எண் யாருக்கும் கிடைத்துவிடும். எண்ணைச் சரிபார்ப்பது, அப்படி ஒரு வியாபாரம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதன் உரிமையாளர் என்று சொல்வதில்லை.

ஆகவே புதிதாகப் பதிவு செய்பவர் விலை தெரியாத குழுவில்தான் விழ வேண்டும். அங்கிருந்து அவரைத் தூக்கி வைப்பது ஒரு மனிதரின் வேலையாக இருக்கட்டும். பில்லில் இருக்கும் எண்ணுக்கோ, பார்ட்டியின் பழைய எண்ணுக்கோ ஒரு போன் போட்டுப் பேசினால் இரண்டு நிமிடம். நானூறு வாடிக்கையாளர் உள்ள கடையில் வாரத்துக்கு எத்தனை பேர் புதிதாக வந்துவிடப் போகிறார்கள்?

புதிய சரக்கும் இதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். ஏற்றும்போது யாருக்கும் தெரியாது, குழுவைக் குறித்த பிறகே தெரியும் என்று இயல்பு நிலையை வைக்க வேண்டும். எல்லாருக்கும் தெரியும், வேண்டாதவரை நீக்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், லோகோ டவலை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில் அது நானூறு பேருக்கும் தெரிந்திருக்கும். "புதிய வரவு" மின்னஞ்சல் தானாகப் போகிற ஏற்பாடு இருந்தால் இன்னும் மோசம். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

இதையெல்லாம் சோதிப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குழுவுக்கு ஒன்றாகப் போலிக் கணக்குகள் மூன்று வைத்துக்கொண்டு, மூன்று வெவ்வேறு பிரவுசர்களிலோ போன்களிலோ ஒரே சரக்கைத் திறக்க வேண்டும். நான்காவதாக ஒரு தனிச் சாளரம், லாகின் இல்லாமல். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் திறந்து, உடனே சில்லறைக் கணக்கில் திறக்க வேண்டும். வரிசை முக்கியம், கேஷ் கசிவு அப்போதுதான் மாட்டும். பிறகு மறைத்த சரக்கின் பெயரில் முதல் நான்கு எழுத்தைத் தேடல் பெட்டியில் அடித்து, பரிந்துரையில் எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் முகவரியை நேராக அடிக்க வேண்டும். `sitemap.xml` என்ற கோப்பில் அதன் பெயர் இருக்கிறதா என்றும் தேட வேண்டும். பட்டியலை எக்ஸெல்லாகவோ பிடிஎஃபாகவோ இறக்கும் பொத்தான் இருந்தால், சில்லறைக் கணக்கிலிருந்து இறக்கித் திறக்க வேண்டும். அந்தப் பொத்தானைத் திரைக்குச் செய்த வேலை முடிந்த பிறகு தனியாகக் கட்டியிருந்தால், குழுவைக் கேட்க மறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செருகுநிரலைப் புதுப்பித்தால், தளத்தின் தோற்றத்தை மாற்றினால், வேகத்துக்காக எதையாவது சேர்த்தால், மறுபடி முதலிலிருந்து.

இத்தனையும் செய்தாலும் ஒரு வழி திறந்தேதான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் கடைப் பையன் தன் திரையைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவான். பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்கே தெரியாது. ஆளுக்கொரு லாகின் கொடுத்து, வேலையை விட்டுப் போனவருடையதை மூடுவது கொஞ்சம் உதவும். இறக்கும் பட்டியலில் வாங்குபவரின் கடைப் பெயரைப் பின்னணியில் அச்சிடுவதும் உதவும், எங்கிருந்து போனது என்றாவது தெரியும். அதற்கு மேல் மென்பொருளால் ஆவதில்லை.

ஆகவே ஒரு நாள் திண்டுக்கல் கடைக்காரர் 492 என்ற படத்தோடு ஈரோட்டுக்கு நேரிலேயே வந்து நிற்பார். அன்றைக்கு அப்பாவிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். "அவரு மாசம் ஆயிரம் பீஸ் ரொக்கத்துக்கு எடுக்கறாருங்க, வண்டி வாடகையும் அவருதே. நீங்க நாப்பத்தஞ்சு நாள் கடன்ல அம்பது பீஸ் எடுக்கறீங்க. ஆயிரம் எடுங்க, இதே ரேட்டப் போட்டுத் தர்றேன்." இப்படிச் சொல்ல முடிகிற வித்தியாசங்களை மட்டும் குழுக்களாக வைத்திருந்தால், கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஆர்டரைப் போட்டுவிட்டுப் போவார். மைத்துனருக்காக உருவாக்கிய குழுவின் விலை அந்தப் படத்தில் இருந்திருந்தால், அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.